பழக் கன்வேயர், எலிவேட்டர் அடைப்பு எடுக்கும்போது பூட்டுப் போடும் முறை (திருத்திய எஸ்.ஓ.பி.)

இடம்: சிலிம் ரிவர், செம்பனை எண்ணெய் மில், திரெஷர் முதல் டைஜெஸ்டர் வரை
யாருக்கு: ஆபரேட்டர்கள், ஃபிட்டர்கள், உதவியாட்கள், காண்டிராக்ட் ஆட்கள்
ஒட்டியிருக்கும் இடம்: எம்.சி.சி. அறைக் கதவு, திரெஷர் மேடை, எலிவேட்டர் அடிக்குழி

ஏன் மாற்றி எழுதினோம்

பழைய தாள் 11 பக்கம். முதல் 4 பக்கம் சட்டமும் சொல் விளக்கமும். பூட்டை எங்கே மாட்டுவது என்பது 7-ஆம் பக்கத்தில்தான் வந்தது. விதிவிலக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. இரவு ஷிப்டில் கன்வேயர் அடைத்து நிற்கிறது, ஸ்டெரிலைசரில் வெந்த கேஜ் வெளியே வரக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் 7-ஆம் பக்கத்தை யாரும் தேடமாட்டார்கள். அதனால் விஷயத்தை ஐந்து பகுதியாகப் பிரித்து, வேலை நடக்கிற வரிசையிலேயே எழுதியிருக்கிறோம்.

மலாய், வங்காளம், நேப்பாளி பிரதிகளிலும் இதே எண்கள்தான். ஒருவர் "படி 6" என்று கத்தினால் பக்கத்தில் நிற்பவர் எந்த மொழிக்காரரானாலும் அதே படியைத்தான் நினைக்க வேண்டும்.

1. நோக்கம்

உள்ளே ஒருவர் கை இருக்கும்போது மெஷின் ஓடக்கூடாது. இந்தத் தாள் அதற்காக மட்டுமே.

நின்ற மெஷின் மூன்று விதமாக மறுபடி அசையும். தெரியாமல் ஒருவர் ஸ்டார்ட் அழுத்தலாம். போன மின்சாரம் திரும்பி வரலாம். மூன்றாவதைத்தான் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை: எலிவேட்டரின் ஏறும் பக்கத்து வாளிகளில் பழம் நிறைந்திருக்கும், இறங்கும் பக்கம் காலியாக இருக்கும். அடியில் சிக்கிய காம்பையோ கல்லையோ எடுத்த நொடியில் அந்தப் பாரம் செயினைப் பின்னோக்கி இழுக்கும். இதற்கு மின்சாரமே தேவையில்லை. சுவிட்சை அணைத்து, பூட்டும் போட்டுவிட்டு, வாளியைக் கட்டாமல் கையை விட்டால் பூட்டு போட்டதில் பாதிப் பலன்கூட இல்லை.

2. எல்லை

திரெஷர் டிரம், அதன் அடியில் உள்ள பழக் கன்வேயர், 1, 2 எண் எலிவேட்டர்கள், டைஜெஸ்டருக்கு மேலே உள்ள குறுக்குக் கன்வேயர். இவற்றில் மூடியைத் திறக்கிற எந்த வேலையும் இதில் அடங்கும். அடைப்பு, சுத்தம், செயின் இறுக்குதல், கிரீஸ் வைத்தல் எல்லாமே. ஐந்து நிமிட வேலைக்கும் இதுதான் முறை.

ஸ்டெரிலைசர் கதவு, பாய்லர், தொட்டிக்குள் இறங்கும் வேலை ஆகியவற்றுக்குத் தனித் தாள் உண்டு. இதை வைத்து அந்த வேலைகளைச் செய்யாதீர்கள்.

3. யார், எதற்குப் பொறுப்பு

ஆபரேட்டர்: மெஷினை நிறுத்துவது, சூப்பர்வைசருக்குச் சொல்வது, வேலை முடிந்தபின் மறுபடி ஓட்டுவது. ஐசொலேட்டரைத் தொடுவது இவர் வேலை இல்லை.

சார்ஜ்மேன்: எம்.சி.சி. அறையில் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுவது, மீட்டரால் மின்சாரம் இல்லை என்று பார்ப்பது. இதை வேறு யாரும் செய்யக்கூடாது. பழகிய ஃபிட்டரானாலும் கூடாது.

ஷிப்ட் சூப்பர்வைசர்: பூட்டுப் பெட்டி இவர் கையில். யார் யார் உள்ளே வேலை செய்கிறார்கள் என்ற பட்டியலும் இவர் கையில். இவர் வேலைக்குள் இறங்கிக் கம்பி பிடிக்கக்கூடாது. எல்லோரும் குனிந்திருக்கும்போது ஒருவராவது நிமிர்ந்து நின்று பார்க்க வேண்டும்.

ஃபிட்டர்: வாளியைக் கட்டுவது, மூடியைத் திறப்பது, அடைப்பை எடுப்பது, எடுத்த சாமான்களை எண்ணி வெளியே கொண்டுவருவது.

வேலை செய்யும் ஒவ்வொருவரும்: சொந்தப் பூட்டு, சொந்தச் சாவி. பூட்டில் உங்கள் படமும் பெயரும் உள்ள அட்டை. சாவி உங்கள் பையில் மட்டும். அண்ணன் தம்பியாகப் பழகினாலும் சாவியைக் கைமாற்றாதீர்கள். காண்டிராக்ட் ஆள் ஒரே நாள் வேலைக்கு வந்திருந்தாலும் அவருக்குப் பூட்டு கொடுக்காமல் உள்ளே விடக்கூடாது.

வேலை செய்யாமல் நிற்கும் உரிமையும் இந்தப் பகுதியில்தான் வர வேண்டும். 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்குச் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பும் தொழிலாளி அதை முதலாளியிடம் சொல்லியும் ஒன்றும் செய்யவில்லை என்றால், அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ள 26A பிரிவு இடம் தருகிறது. "பூட்டு இல்லை, நான் கை வைக்கமாட்டேன்" என்று சொன்னவரை இந்த மில்லில் யாரும் திட்டக்கூடாது. பழம் தாமதமானால் கணக்கு கேட்க வேண்டியது என்னிடம், அவரிடம் இல்லை.

4. படிகள்

படி 1. ஸ்டாப் பட்டனை அழுத்துங்கள். நிறுத்தும் வரிசை மேலிருந்து கீழே: முதலில் ஃபீடர், பிறகு திரெஷர், கன்வேயர், எலிவேட்டர். ஃபீடரை விட்டுவிட்டால் குலை தொடர்ந்து உள்ளே விழுந்து அடைப்பு பெரிதாகும். சிவப்பு அவசர பட்டன் மெஷினை நிறுத்தும், பூட்டாது. அதை நம்பிக் கை வைக்காதீர்கள்.

படி 2. வாக்கி டாக்கியில் சூப்பர்வைசருக்குச் சொல்லுங்கள்: எந்த மெஷின், எந்த இடம், உள்ளே எது சிக்கியதாகத் தெரிகிறது. கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். 1-ஆம் நம்பரா 2-ஆம் நம்பரா என்ற குழப்பம் இங்கேயே தீர வேண்டும். இரண்டு எலிவேட்டரும் பார்க்க ஒரே மாதிரிதான்.

படி 3. சார்ஜ்மேன் நான்கு ஐசொலேட்டரையும் இறக்கிப் பூட்டுவார்: ஃபீடர், திரெஷர், கன்வேயர், அடைத்த எலிவேட்டர். அடைப்பு கன்வேயரில் மட்டும் இருந்தாலும் நான்கும்தான். குறுக்குக் கன்வேயரின் மூடியைத் திறப்பதானால் இரண்டு பூட்டு கூடும்: அதன் ஐசொலேட்டருக்கு ஒன்று, டைஜெஸ்டர் ஸ்டீம் வால்வை மூடி அதற்கு ஒன்று. வால்வைத் திறந்து வைத்தால் மேலே நிற்பவரின் முகத்தில் ஸ்டீம் அடிக்கும்.

படி 4. அந்தச் சாவிகள் எல்லாம் பூட்டுப் பெட்டிக்குள் போகும். சூப்பர்வைசர் வாய்விட்டு எண்ணிப் போடுவார்.

படி 5. வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் சிவப்புப் பூட்டைப் பெட்டியில் மாட்டுங்கள். ஐந்து பேர் என்றால் ஐந்து பூட்டு. கடைசிப் பூட்டு கழன்றால்தான் பெட்டி திறக்கும். அதுவரை மெஷினை ஓட்ட மேனேஜராலும் முடியாது.

படி 6. ஓடிப் பார்க்கும் சோதனை. ஆட்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு ஆபரேட்டர் ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். நான்கையும், ஒவ்வொன்றாக. எதுவும் அசையக்கூடாது. பிறகு பட்டனை ஸ்டாப்பில் வைக்க வேண்டும். சார்ஜ்மேன் மீட்டரில் மூன்று ஃபேஸும் பார்த்து "இல்லை" என்று சொல்ல வேண்டும். தவறான ஐசொலேட்டரை இறக்கியிருந்தால் காட்டிக்கொடுப்பது இந்தப் படி ஒன்றுதான். அவசரத்தில் விட்டுப்போவதும் பெரும்பாலும் இதுவே.

படி 7. எலிவேட்டர் என்றால் வாளியைக் கட்டுங்கள். ஏறும் பக்கச் செயினில் பிடிப்பை மாட்டி, செயின் பிளாக்கால் ஃபிரேமோடு இறுக்க வேண்டும். கயிறு, கட்டுக்கம்பி, மரக்கட்டை எதுவும் ஆகாது. ஃபிட்டர் கட்டியதை சூப்பர்வைசர் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

படி 8. மூடியைத் திறந்து சூடு தணிய விடுங்கள். பழம் வெந்து வந்தது, உள்ளே எண்ணெயும் கொதிநீரும் தேங்கியிருக்கும். முழங்கை வரை கையுறை, முகக் கவசம், வழுக்காத பூட்ஸ்.

படி 9. முதலில் கொக்கிக் கம்பியால் இழுங்கள். கம்பிக்கு வராததற்கு மட்டும் கை. திருகு இலைக்கும் தொட்டிக்கும் நடுவே கையை நீட்டும்போது ஒருவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எலிவேட்டரில் வாளிப் பாரத்தை மெல்ல இறக்குவதானால், எல்லோரும் கையை வெளியே எடுத்தபின் செயின் பிளாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

படி 10. இரும்புத் துண்டு, போல்ட் எதுவும் கிடைத்தால் எறியாமல் சூப்பர்வைசரிடம் கொடுங்கள். அது எந்த மெஷினிலிருந்து கழன்றது என்று கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த அடைப்பு நிச்சயம்.

படி 11. சாமான்களை எண்ணுங்கள், செயின் பிளாக்கைக் கழற்றுங்கள், மூடியைப் போட்டு எல்லா போல்ட்டும் இறுக்குங்கள். பிறகு அவரவர் பூட்டை அவரவர் கழற்ற வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் சூப்பர்வைசர் கண்ணால் பார்த்துப் பெயரை அடிக்க வேண்டும். அதன்பிறகே சார்ஜ்மேன் ஐசொலேட்டரை ஏற்றுவார். ஓட்டும் வரிசை கீழிருந்து மேலே: எலிவேட்டர், கன்வேயர், திரெஷர், கடைசியில் ஃபீடர்.

5. விதிவிலக்குகள்

இங்கே எழுதியிருப்பவை மட்டுமே விதிவிலக்கு. "கம்பியால் ஒரு குத்து குத்தினால் போய்விடும்" என்பது இதில் இல்லை.

5.1 மின்சாரம் போய் மெஷின் தானாக நின்றால். இது பூட்டியதாக ஆகாது. நம் மில்லுக்கு டர்பைனிலிருந்தும் மின்சாரம் வரும், ஜென்செட்டிலிருந்தும் வரும். ஒன்று நின்றால் மற்றது எந்த நிமிடமும் ஏறலாம். மின்சாரம் இல்லாதபோது படி 6-இல் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் அசையாது, அதனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. படி 5 வரை செய்துவிட்டுக் காத்திருங்கள். மின்சாரம் வந்தபின் படி 6-ஐச் செய்து, பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

5.2 வேலை முடியுமுன் ஷிப்ட் மாறினால். வருகிறவர் பூட்டை மாட்டியபின்பே போகிறவர் கழற்ற வேண்டும். நடுவில் பூட்டே இல்லாத ஒரு நிமிடமும் இருக்கக்கூடாது. இரண்டு சூப்பர்வைசரும் பெட்டிக்கு முன் சேர்ந்து நின்று பட்டியலை மாற்ற வேண்டும். புதிய குழு படி 6-ஐ மறுபடி செய்ய வேண்டும்.

5.3 பூட்டுப் போட்டவர் வீட்டுக்குப் போய்விட்டால். அவரைப் போனில் பிடித்துத் திரும்ப வரச் சொல்லுங்கள். வர முடியாத நிலையில் மேனேஜர் மட்டுமே வெட்ட அனுமதி தரலாம், அதுவும் மூன்று காரியம் முடிந்தபின்: அவர் மில்லுக்குள் இல்லை என்று கார்டு கேட்டில் உறுதி செய்வது, அவர் குரலைப் போனில் கேட்பது, மெஷினுக்குள் ஆள் இல்லை என்று மூடியைத் திறந்து பார்ப்பது. அவர் திரும்பி வரும்போது, வேலையில் கை வைக்குமுன், பூட்டு வெட்டியதை நேரில் சொல்ல வேண்டும். போன் எடுக்கவில்லை என்றால் மெஷின் நின்றபடி இருக்கட்டும்.

5.4 மூடி திறந்த நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், உதாரணமாகச் செயின் நேராக ஓடுகிறதா என்று பார்க்க. உதவி எஞ்சினியர் நேரில் நிற்க வேண்டும். எல்லோரும் விலகி, எல்லாப் பூட்டும் கழன்று, ஒரே ஒருவர் பட்டனில். பார்த்து முடிந்ததும் படி 3-இலிருந்து மறுபடி. பாதியில் தொடங்கக்கூடாது.

5.5 ஷிப்டில் சார்ஜ்மேன் இல்லையென்றால். அடைப்பை எடுக்காதீர்கள். குவார்ட்டர்ஸில் உள்ளவரை அழையுங்கள். கிராணி மேசையில் எண் இருக்கிறது. அதுவரை அந்த லைன் நிற்கட்டும். நேரத்தை மட்டும் லாக் புத்தகத்தில் குறியுங்கள்.

5.6 யாராவது சிக்கிக்கொண்டால். அவசர பட்டன், உடனே 999. இங்கே பூட்டு வரிசைக்குக் காத்திருக்கக்கூடாது, ஆனால் சார்ஜ்மேன் ஐசொலேட்டரை இறக்கட்டும். பின்னோக்கி ஓட்டி விடுவிக்க முயலாதீர்கள். சிக்கிய கை இன்னும் உள்ளே இழுபடும். வாளிப் பாரத்தைக் கட்டுங்கள், அவரோடு பேசிக்கொண்டே இருங்கள், பொம்பா வரும்வரை ஒருவர் கேட்டில் நின்று வழி காட்டட்டும். ஆளைக் காப்பாற்றத் தேவையானதைத் தவிர வேறெதையும் நகர்த்தவோ கழுவவோ கூடாது. ஜே.கே.கே.பி.க்குத் தெரிவிப்பது மேனேஜர் பொறுப்பு.

இந்தத் தாளில் எழுதியபடி செய்ய முடியாத இடம் எங்காவது இருந்தால், பூட்டு மாட்ட ஓட்டை இல்லாத ஐசொலேட்டர் மாதிரி, அந்த வேலையை நிறுத்திவிட்டு அதே ஷிப்டில் என்னிடம் சொல்லுங்கள்.

உதவி எஞ்சினியர், பிராசஸ்