முதல்ல உக்காருங்கம்மா

மதுரை, ஆடித் தள்ளுபடி நடக்கும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். இரண்டாம் மாடி, வாஷிங் மெஷின் பகுதி. ஐம்பத்தஞ்சு வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவரும் அவர் மகனும் ஏறக்குறைய அரை மணி நேரமாக வரிசை வரிசையாகச் சுற்றிவிட்டு, ஏசிக்குக் கீழே வந்து நின்றுவிட்டார்கள். அம்மாவின் கையில் ஐந்தாறு விலைச் சீட்டுகள். பதினோரு வருடமாக இந்தப் பகுதியில் நிற்கிற விற்பனையாளர் அவர்களிடம் வருகிறார்.

வாங்கம்மா, வணக்கம். வாங்க சார். முதல்ல இந்த ஸ்டூல்ல உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா? தம்பி, அம்மாவுக்கு ஒரு தண்ணி கொண்டாப்பா.

அங்கிட்டு இங்கிட்டு நாலு சுத்து சுத்திட்டீங்க, நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். உடனே வந்து பேசினா தொந்தரவா இருக்கும்னு விட்டுட்டேன்.

– என்னத்தைப் பாக்குறதுன்னே தெரியலப்பா. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு, விலை மட்டும் வேற வேறயா இருக்கு. ஒருத்தர் இதுல நுரை நல்லா வரும்கிறாரு, இன்னொருத்தர் அதுல போன்ல ஓட்டலாம்கிறாரு. தலை சுத்துது.

சுத்தத்தாம்மா செய்யும். இந்த மாடியில மட்டும் முப்பத்தெட்டு மெஷின் நிக்குது. நானே லீவு முடிஞ்சு வந்தா ஒரு நாள் குழம்புவேன். அந்தச் சீட்டெல்லாம் இப்படிக் குடுங்க. இப்போதைக்கு மெஷினைப் பாக்கவே வேணாம். உங்க வீட்டைப் பத்தி ரெண்டே ரெண்டு கேள்வி கேக்குறேன். அதுக்குப் பதில் சொல்லிட்டீங்கன்னா முப்பத்தெட்டு, ரெண்டோ மூணோ ஆயிடும். அதுக்கப்புறமும் பிடிக்கலைன்னா வாங்க வேணாம். எழுந்து போயி ஜிகர்தண்டா குடிச்சுட்டு வீட்டுக்குக் கிளம்புங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்.

முதல் கேள்வி. மெஷினை எங்க வைக்கப் போறீங்க, அங்க தண்ணி எப்படி வருது?

– மாடி வீடுதாம்ப்பா. கீழ வாடகைக்கு விட்டிருக்கோம். அடுப்படிக்குப் பின்னால ஒரு சின்ன இடம் இருக்கு, அங்க குழாய் போட்டிருக்கு. மொட்டை மாடி டேங்க்ல இருந்து வருது.

போர் தண்ணியா, கார்ப்பரேஷன் தண்ணியாம்மா?

– துணிக்கு எல்லாம் போர்தான். நல்ல தண்ணி குடத்துல பிடிச்சு வச்சுக்குவோம்.

வெந்நீர் போடுற பாத்திரத்துல அடியில வெள்ளை வெள்ளையா படியுதாம்மா? இதை ரெண்டாவது கேள்வின்னு எடுத்துக்காதீங்க, முதல் கேள்வியோட வாலு.

– ஐயோ, அதை ஏன் கேக்குற. சுரண்டிச் சுரண்டி எடுக்கணும். சோப்புப் போட்டா நுரையே வராது.

சரிம்மா, இந்தப் பதில்லயே பாதி மெஷின் கழிஞ்சுருச்சு. எப்படின்னு பின்னால சொல்றேன். இப்ப ரெண்டாவது கேள்வி. துணியை மெஷின்ல போட்டு, எடுத்து, காயப் போடப் போறது யாரு? வீட்டுல எத்தனை பேரோட துணி?

– நானும் அவரும், இவன், மருமக, ரெண்டு வயசுப் பேரன். மருமக பேங்க்ல வேலைக்குப் போயிருவா. நான்தான் துவைக்கணும். இத்தனை நாளா கையாலதான் துவைச்சேன். இப்ப முட்டி பிடிச்சுக்கிருச்சு, அதான் இவன் வாங்கித் தர்றேன்னு கூட்டிட்டு வந்தான்.

அவ்வளவுதாம்மா. ரெண்டு கேள்வியும் முடிஞ்சுது.

இப்படிப் பாருங்க. இந்த ஓரத்துல ரெண்டு குழி வச்சு நிக்குதே, அது செமி ஆட்டோமேட்டிக். விலை ரொம்பக் கம்மி, ஒம்பதாயிரத்துல இருந்தே இருக்கு. தண்ணி வராட்டியும் வாளியில ஊத்தி ஓட்டிக்கலாம். அழுக்கும் நல்லாப் போகும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு குழியில துவைச்சதை ஈரத்தோட தூக்கி அடுத்த குழியில நீங்கதான் போடணும். நனைஞ்ச போர்வை என்ன கனம் கனக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? முட்டி வலிக்குதுன்னு மெஷின் வாங்க வந்துட்டு, பக்கத்துலயே நின்னு தூக்கிப் போட்டுக்கிட்டு இருந்தா எதுக்கும்மா? அந்த வரிசை வேணாம்.

– அண்ணே, நான் அந்த முன்பக்கம் கதவு வச்ச மாடலைத்தான் நினைச்சுட்டு வந்தேன். வெந்நீர்ல துவைக்கும், குழந்தை துணிக்கு நல்லதுன்னு சொன்னாங்க.

சொன்னவங்க தப்பாச் சொல்லல சார். ஃப்ரன்ட் லோடு நல்ல மெஷின்தான். தண்ணி கம்மியாக் குடிக்கும், துணி கசங்காது, சுத்தமும் கூட. உண்மையைச் சொன்னா, அதை வித்தா எனக்கும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். ஆனா உங்க வீட்டுக்கு நான் கை காட்ட மாட்டேன். அம்மா, ஒரு நிமிஷம் எழுந்திருச்சு இங்க வாங்க. இந்தத் துண்டை உள்ள போட்டிருக்கேன், எடுத்துப் பாருங்க.

– இவ்வளவு கீழயா குனியணும்?

பாத்தீங்களா. ஒரு துண்டுக்கே கையை முட்டியில ஊனிட்டீங்க. ஒரு தடவை துவைச்சா இருபது துணி வரும். அடியில ஸ்டாண்டு வச்சு உயர்த்தலாம்தான், ஆனா வேகமாச் சுத்துற மெஷின், மாடித் தரை கொஞ்சம் மட்டம் இல்லைன்னாலும் அதிர ஆரம்பிச்சுரும்.

இன்னொண்ணு, அந்த வெந்நீர். உள்ள ஹீட்டர் கம்பி இருக்கு. உங்க பாத்திரத்துல படியுற அந்த வெள்ளை உப்பு இதுலயும் படியும். பாத்திரத்தைச் சுரண்டலாம், இதைச் சுரண்ட முடியுமா? உப்பு நீக்குற பவுடர் போட்டு அப்பப்ப ஓட்டணும். மறந்தா கம்பி போயிரும். கரண்டும் பாருங்க சார்: 2,000 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசத்தை வச்சுக் கணக்குப் பண்றவங்களுக்கு அது உறைக்கும். பெரிய பிளக், 16 ஆம்பியர், தனியா இழுக்கணும். பேரன் துணிக்குத்தானே வெந்நீர்? தினமும் நாலு சின்னத் துணி. ஒரு வாளி வெந்நீர்ல அரை மணி நேரம் ஊற வச்சுட்டு மெஷின்ல போட்டா போதும்.

நல்ல தண்ணி குழாய்ல வந்து, மருமக துவைக்கிறதா இருந்தா, நானே உங்களை அந்த வரிசைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். அதையும் சொல்லிடுறேன்.

அப்ப மிச்சம் இருக்கிறது டாப் லோடு, மேல மூடி திறக்கிறது. குனிய வேணாம். பாதியில ஒரு சாக்ஸ் விட்டுப்போச்சுன்னாக்கூட நிறுத்தித் திறந்து போட்டுக்கலாம். இதுல எத்தனை கிலோன்னு பாப்போம். கிலோன்னா காஞ்ச துணியோட எடை, ஈரத்துணி இல்ல. ஒரு ஜீன்ஸ் முக்கால் கிலோ வரைக்கும் வரும், பெரிய போர்வை ஒரு கிலோவைத் தாண்டும். அஞ்சு பேருக்கு, அதுலயும் சின்னப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு, ஏழுன்னா இறுக்கமா இருக்கும். எட்டு கிலோ எடுங்க. பத்து கிலோ வரைக்கும் இருக்கு, அதெல்லாம் உங்களுக்கு வேணாம். பாதி காலியா ஓடும்.

எட்டு கிலோ டாப் லோடுன்னா இந்த மாடியில அஞ்சு இருக்கு. ஒண்ணுல ஹீட்டர் இருக்கு, கழிச்சாச்சு. ரெண்டு போன்ல ஓட்டுறது. அம்மா, நீங்க போன்ல ஓட்டுவீங்களா?

– எனக்குப் போன் எடுத்துப் பேசவே சரியா இருக்கு.

அப்ப அதுவும் வேணாம், அதுக்குன்னு ரெண்டாயிரம் கூடக் குடுக்காதீங்க. மிச்சம் இந்த ரெண்டும்தான். இது 18,990. அது 21,490. அதுல இன்வெர்ட்டர் மோட்டார், சத்தம் கம்மி, கரண்டும் கொஞ்சம் மிச்சம். உங்க படுக்கை அறை பக்கத்துச் சுவர்னா அதை எடுங்க. இல்லைன்னா இதுவே தாராளம். இந்த மூடியைத் தூக்கிப் பாருங்கம்மா. கை உள்ள அடி வரைக்கும் போகுதா?

– போகுது. இது பரவாயில்ல.

குதிகாலை எக்காம எடுக்க முடியுதா? சில மாடல்ல தொட்டி ஆழம், குள்ளமா இருக்கிறவங்களுக்கு அடியில கிடக்கிற கர்ச்சீப் எட்டாது. இது உங்களுக்குச் சரியா இருக்கு.

– சரி, இதையே பில் போட்டுரலாமாண்ணே?

இருங்க சார், அவசரப்படாதீங்க. தண்ணி விஷயத்துல ஒண்ணு பாக்கி இருக்கு. நீங்க இருக்கிறது மாடி வீடு. டேங்க் உங்க தலைக்கு மேலயே இருக்கு. பக்கத்துல இருக்கிறதால தண்ணி வேகமா வரும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, கணக்கு அதுக்கு நேர் எதிர். கீழ் வீட்டுக்காரங்களுக்குத்தான் வேகமா வரும். இந்த மெஷினோட புத்தகத்துல குறைஞ்சது 0.3 பார் அழுத்தம் வேணும்னு போட்டிருக்கு. அப்படின்னா டேங்கோட அடிமட்டம், மெஷினுக்குத் தண்ணி போற இடத்துல இருந்து பத்தடி உசரத்துல இருக்கணும். உங்க ரூம் உசரம் பத்தடின்னு வைங்க, மெஷின்ல குழாய் சொருகுற இடமே மூணடி உசரம். மிச்சம் ஏழு, தளம் அரை அடி. டேங்கை வெறும் தளத்துமேல உக்கார வச்சிருந்தா ஏழரை அடிதான். தண்ணி சொட்டுச் சொட்டா ஏறும், ரொம்ப நேரம் ஆச்சுன்னா மெஷின் தண்ணி வரலைன்னு பீப் அடிச்சு நின்னுடும். அப்புறம் மெஷின் சரியில்லைன்னு எனக்குப் போன் வரும்.

– டேங்க் ஒரு மேடை மேல இருக்குண்ணே. எவ்வளவு உசரம்னு தெரியல.

அதைத்தான் தெரிஞ்சுக்கிட்டு வாங்கன்னு சொல்றேன். மேடை மூணடி இருந்தா கவலையே இல்ல. ஒரு அடிதான்னா, கொத்தனாரை வச்சு மேடையை உசத்தலாம், இல்லைன்னா சின்னப் பிரஷர் பம்ப் ஒண்ணு மாட்டலாம். அந்தச் செலவையும் சேத்துத்தானே உங்க பட்ஜெட்டு?

சார், இந்தாங்க, பழைய பில் பின்னால எழுதிட்டேன். மாடல் பேரு, விலை, அளக்க வேண்டியது. இன்னைக்கு ராத்திரி மொட்டை மாடிக்குப் போயி ஒரு கயித்துல கல்லைக் கட்டி, டேங்க் அடிமட்டம் இருக்கிற அதே உசரத்துல கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கைப்பிடிச் சுவருக்கு வெளிப்பக்கமா நேராத் தொங்க விடுங்க. மெஷின் குழாய் இருக்கிற உசரத்துக்குக் கல்லு வந்ததும் கீழ இருந்து அம்மா ஜன்னல் வழியா குரல் குடுக்கட்டும். கை பிடிச்ச இடத்துல இருந்து கல்லு வரைக்கும் கயித்தை டேப்புல அளந்து நாளைக்கு எனக்கு ஒரு போன் போடுங்க. மெஷின் ஓடிப் போயிராது, விலையும் இந்த மாசம் முடியிற வரைக்கும் இதுதான்.

பத்தடி இருந்தா திங்கக்கிழமை காலையில வண்டி அனுப்பிடுறேன். ஆளு வந்து மாட்டும்போது அந்தக் குழாய் வாயில ஒரு சல்லடை இருக்கும், அதைக் கழட்டிக் கழுவுறது எப்படின்னு கேட்டு வச்சுக்கோங்கம்மா. உப்புத் தண்ணிக்கு முதல்ல அடைக்கிறது அதுதான்.

லிஃப்ட் இந்தப் பக்கம்மா. படியில இறங்க வேணாம்.