எதிரணியின் நிறைவுரை: கிருஷ்ணகிரி, டிசம்பர் 2022

நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்திருக்கும் தருமபுரி நண்பர்களே, வணக்கம்.

மத்திய அரசு போன மாதம் 18-ஆம் தேதி வெளியிட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு வரைவு மசோதாவை அப்படியே சட்டமாக்கலாம் என்பது இன்றைய தலைப்பு. எங்கள் வழக்கு அந்த 'அப்படியே' மீதுதான். 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். சட்டம் வேண்டும் என்பதில் இந்த மேடையில் யாருக்கும் சண்டை இல்லை.

தலைப்பை ஆதரிக்கும் ஆளும் அணித் தோழி, விதி மீறும் நிறுவனத்துக்கு 500 கோடி ரூபாய் வரை அபராதம் என்று மூன்று முறை சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓசூரில் ஒப்பந்த வேலைக்கு வரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆதார் நகல், வங்கிக் கணக்கு, அப்பாவின் போன் நம்பர் எல்லாவற்றையும் ஆள் எடுப்பவரிடம் கொடுக்கிறார். அது எப்படியோ கடன் ஆப் ஆட்களின் கைக்குப் போய், ஊரில் அப்பாவுக்கு மிரட்டல் போன் வருகிறது. நிறுவனத்துக்கு அபராதம் விழலாம், சரி. அந்தப் பெண்ணுக்கு? ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இழப்பீடு கேட்க இன்று கையில் இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. அதையும் இந்த வரைவு நீக்குகிறது. இதற்கு இரண்டு சுற்றிலும் ஆளும் அணி பதில் சொல்லவில்லை.

சம்மதம் கேட்டுத்தான் தரவை எடுப்பார்கள் என்றார் இன்னொரு நண்பர். வரைவின் 8-ஆவது பிரிவைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். வேலை தொடர்பான தேவை என்றால், வருகைப் பதிவு உட்பட, சம்மதம் கொடுத்ததாகவே கருதப்படும். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்கலாம். ஆனால் அது பொய்ப் புகார், அற்பமான புகார் என்று இந்த வரைவின்படி புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் நினைத்தால், கொடுத்தவருக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அந்த வாரியத்தை அமைப்பது மத்திய அரசு. பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களைச் சொல்லித் தன் அமைப்புகளுக்கு ஓர் அறிவிக்கையில் விலக்கு கொடுக்கப்போவதும் அதே மத்திய அரசு. நம்மைப் பற்றி அதிகத் தரவு வைத்திருப்பவர் யார் என்று ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியும்.

"ஒன்றுமில்லாததற்கு இது மேல்" என்பது அவர்களின் கடைசி வாதம். நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே தரவுப் பாதுகாப்புக்காக மத்திய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த வரைவில் இழப்பீடு இருந்தது. கையில் இருந்ததை எடுத்துவிட்டுக் கொடுப்பதை எப்படி மேல் என்கிறீர்கள்?

நாங்கள் கேட்பது மூன்று திருத்தம். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, அரசு கைவைக்க முடியாத வாரியம், விலக்குக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல். வரைவு மீது பொதுமக்கள் கருத்துச் சொல்ல இன்னும் காலக்கெடு இருக்கிறது, எழுதி அனுப்ப இடமும் இருக்கிறது. அதுவரை இந்தத் தலைப்பை நிராகரிக்கும்படி நடுவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.