102ஆம் வீட்டுக்கு மாறிக்கொள்ள அனுமதி கேட்டு

அல்சூர், பெங்களூரு
14 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். 302இல் குடியிருக்கும் கார்த்திக் எழுதுகிறேன். போன ஞாயிறு போனில் பேசியபோது, "எதுவானாலும் எழுதி அனுப்புப்பா, பையனிடம் காட்டி முடிவு பண்ணலாம்" என்றீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீங்கள் படித்துவிட்டு அப்படியே தம்பிக்கும் அனுப்பலாம்.

முதல் மாடியில் 102இல் இருப்பவர்கள் இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். அந்த வீட்டை வேறு யாருக்கும் சொல்வதற்கு முன் எங்களுக்குத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 8ஆம் தேதி எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது உங்களுக்குத் தெரியும். தலைப்பிரசவம் என்பதால் மனைவி திருப்பத்தூரில் அம்மா வீட்டில் இருந்தாள். மூன்றாம் மாதம் அழைத்து வந்தோம். கூடவே அத்தையும் வந்திருக்கிறார், குறைந்தது பொங்கல் வரை இருப்பார். ஒரே பெட்ரூம் உள்ள வீட்டில் இப்போது நான்கு பேர்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தவரை இந்த வீடு எங்களுக்குத் தாராளம்தான். இப்போது தூளி கட்டுவதிலிருந்தே சிரமம் ஆரம்பிக்கிறது. பெட்ரூமில் இருக்கும் ஒரே கொக்கியில் ஃபேன் தொங்குகிறது. இன்னொரு கொக்கி ஹாலில், சமையல் மேடைக்கு நான்கடி தள்ளி. அங்கேதான் தூளி. காலையில் வெங்காயம், மிளகாய் தாளித்தால் நெடி நேராகக் குழந்தை மேல்தான் போகிறது. தும்மி, இருமி, முகம் சிவந்து எழுந்துவிடுகிறாள். அதனால் அவள் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சமைக்கிறோம். ராத்திரி அத்தை தூளிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, தூளியில் கட்டிய கயிற்றைப் படுத்தபடியே இழுத்து ஆட்டுகிறார். மனைவி பால் கொடுக்க வெளியே வரும்போதெல்லாம் அவரும் எழுந்து நகர்ந்து இடம் விட வேண்டியிருக்கிறது. முட்டிவலி உள்ளவர். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆனால் அவர் சுவரைப் பிடித்து எழுந்திருப்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

அப்புறம் படிக்கட்டு. ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். தடுப்பூசிக்குப் போய்வரும் நாளில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியதும் மனைவி அரை மணி நேரம் எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்துவிடுகிறாள். நம் கட்டிடத்தில் லிஃப்ட் வைக்க இடமில்லை என்பது எனக்குத் தெரியும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் மாடி என்றால் எங்களுக்குப் பாதிக் கஷ்டம் தீரும் என்பதால் சொல்கிறேன்.

நவம்பர் கடைசியில் அவளுடைய 26 வார லீவ் முடிகிறது. வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆபீசில் சம்மதித்திருக்கிறார்கள். அதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறை வேண்டும். 102இன் இரண்டாவது அறையை அங்கிருப்பவர்களிடம் கேட்டு ஒருமுறை பார்த்தேன். ஜன்னல் கிழக்கே பார்த்து இருக்கிறது, தூளிக்குத் தனிக் கொக்கியும் இருக்கிறது.

வேறு இடத்தில் வீடு தேடலாம்தான். ஆனால் இந்தக் கட்டிடத்தை விட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிடுகிறார். இந்தத் துணையை எந்தப் புதுத் தெருவில் போய் நாங்கள் தேடுவது?

பண விஷயத்தை வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன்.

102க்கு மாத வாடகை 26,000, அட்வான்ஸ் 2,50,000 என்று சொன்னீர்கள். வாடகையில் குறைத்துக் கேட்கவில்லை. இப்போது தருவது 18,500. மீதி 7,500 எங்களால் முடியும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். அட்வான்ஸில் மட்டும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். என்னுடைய 1,50,000 உங்களிடம் இருக்கிறது. அதை அப்படியே 102க்கு மாற்றிக்கொண்டால் இன்னும் ஒரு லட்சம். ஆஸ்பத்திரிச் செலவில் கையிருப்பு கரைந்துவிட்டதால், அக்ரிமெண்ட் போடும் அன்று 40,000, பிறகு நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் வாடகையோடு 20,000 வீதம் தந்து முடித்துவிடுகிறேன். இதை அக்ரிமெண்டிலேயே எழுதிக்கொள்ளலாம். பழைய அக்ரிமெண்டை முடித்துவிட்டு 102க்குப் புதிதாக 11 மாதத்துக்குப் போடலாம். ஸ்டாம்ப் பேப்பர் செலவு என்னுடையது.

302க்கு பெயிண்ட் அடிக்க வழக்கம்போல ஒரு மாத வாடகையை அப்படியே பிடிக்காமல், ஆகிற செலவை மட்டும் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சுவரில் சாமி படத்துக்கு அடித்த நான்கு ஆணியும், பாத்ரூம் பக்கம் ஈரம் ஏறிய ஒரு திட்டும் தவிர வேறொன்றும் இல்லை. நீங்களே வந்து பாருங்கள்.

நாள் விஷயம். புரட்டாசியில் பால் காய்ச்ச வேண்டாம் என்று அத்தை சொல்கிறார். தீபாவளி 20ஆம் தேதி. அது முடிந்து அக்டோபர் 23, வளர்பிறை வியாழக்கிழமை, குடிபோக நினைக்கிறோம். அதனால் உங்களுக்கு நஷ்டம் வரக்கூடாது. அக்டோபர் முழுவதற்கும் 302இன் வாடகை தந்துவிடுகிறேன். 23ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துத் தருகிறேன். நடுவில் கிடைக்கும் மூன்று வாரத்தில் 102க்கு பெயிண்ட் அடித்து முடித்தால் நல்லது. பச்சைக் குழந்தை இருப்பதால் கடைசி பத்து நாளாவது ஜன்னலைத் திறந்துபோட்டு வாடை போக விட வேண்டும். தினமும் போய்த் திறந்து மூடுவது என் பொறுப்பு. ஜன்னல்களுக்குக் கொசுவலை நானே என் செலவில் போட்டுக்கொள்கிறேன்.

302 காலியாகக் கிடக்கும் என்ற கவலையும் வேண்டாம். என் ஆபீசில் புதிதாகக் கல்யாணமான ஒருவர் இந்தப் பக்கம் வீடு தேடுகிறார், விருப்பமானால் அழைத்து வருகிறேன். நீங்கள் வேறு யாரை அனுப்பினாலும் வீட்டைக் காட்டுகிறேன். குழந்தை தூங்கும் மத்தியானம் 12 முதல் 3 வரை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். புரோக்கர் கமிஷன் இரண்டு வீட்டுக்குமே இருக்காது.

நான்கு வருடமாக உங்கள் வீட்டில் இருக்கிறேன். ஒருமுறை சம்பளம் தள்ளிப்போய் வாடகை இரண்டு வாரம் தாமதமானது, நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. மற்ற எல்லா மாதமும் 5ஆம் தேதிக்குள் போட்டிருக்கிறேன். 2024 மார்ச்சில் ஊரெல்லாம் போர் வற்றியபோது நம் போரிலும் தண்ணீர் நின்றது. டேங்கர்காரரைப் பிடித்து, சம்ப் நிறைகிற வரை நின்று, ஆறு வீட்டுக் கணக்கையும் பார்த்துக்கொண்டேன். மோட்டார் போடுவதை இனியும் நானே பார்த்துக்கொள்கிறேன். கீழே வந்துவிட்டால் இன்னும் சுலபம்.

ஒரு சின்ன வேலை மட்டும் உங்களிடம் இருக்கிறது. கிருஹ ஜோதி திட்டத்தில் 302இன் மீட்டரோடு என் ஆதார் இணைந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டு 102இல் சேர்க்க, அந்த மீட்டரின் பில்லில் உள்ள கணக்கு எண் வேண்டும். பழைய கரண்ட் பில் ஒன்றை போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.

இந்த வாரக் கடைசிக்குள் உங்கள் முடிவைச் சொன்னால், 40,000 ரூபாயைத் தயார் செய்துகொள்வேன். நேரில் பேச வேண்டுமென்றால் சனிக்கிழமை சாயந்திரம் நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அம்மா குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களே, அவளையும் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

அன்புடன்,
கார்த்திக்
வீட்டு எண் 302, மூன்றாவது மாடி