பதில் எழுதும் முன்: வாடிக்கையாளர் சேவைக் குழுவுக்கான பயிற்சிக் குறிப்பு

இன்றைக்கு ஒரே ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை நம் டெக்னீஷியன் ஒரு வீட்டில் வாஷிங் மெஷினைப் பொருத்திவிட்டு வந்தார். வியாழன் இரவு தண்ணீர்க் குழாய் கழன்று அறை முழுக்கத் தண்ணீர். மர அலமாரியின் அடிப்பாகம் ஊறி உப்பிவிட்டது. "உங்கள் ஆள் ஒழுங்காக மாட்டவில்லை. அலமாரிக்கு யார் பணம் தருவது?" என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார்.

பதறிப்போய், "எங்கள் டெக்னீஷியனின் கவனக்குறைவுதான், முழு நஷ்டத்தையும் தந்துவிடுகிறோம்" என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் கிளாம்ப் தளர்ந்ததா, வாஷர் தேய்ந்ததா, யாராவது மெஷினை நகர்த்தினார்களா? இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. அந்த ஒரு வரி பின்னால் வழக்கில் சான்றாக வரலாம், காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். சரி, "நிறுவனம் பொறுப்பல்ல" என்று எழுதினால்? அதுவும் தெரியாமல் சொல்வதுதான். ராத்திரி முழுக்கத் தண்ணீர் இறைத்தவரிடம் அப்படிச் சொல்ல மனசு வரக் கூடாது.

அனுப்ப வேண்டிய பதில் இது:

"வணக்கம். வியாழன் இரவு குழாய் கழன்று அறையில் தண்ணீர் நின்றதையும் அலமாரி கெட்டுப்போனதையும் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு இவ்வளவு சிரமம் நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறோம். நாங்கள் வரும்வரை தண்ணீர் வால்வை மூடி வையுங்கள், மெஷினை ஓட்ட வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை மெஷினைப் பொருத்தியது எங்கள் டெக்னீஷியன்தான். குழாய் எதனால் கழன்றது என்பது நேரில் பார்த்தால்தான் தெரியும். நாளை சனிக்கிழமை காலை 10 மணிக்கு வேறொரு மூத்த டெக்னீஷியன் வருவார். கழன்ற குழாயைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், அலமாரியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதும் அறிக்கையின் நகல் உங்களுக்கும் வரும்.

அலமாரி பற்றிய உங்கள் கோரிக்கையை இழப்பீட்டுப் பிரிவுக்கு இன்றே அனுப்பிவிட்டேன். புதன்கிழமை மாலை 5 மணிக்குள் நானே போன் செய்து, முடிவையோ அது எந்த நிலையில் இருக்கிறது என்பதையோ சொல்வேன்."

'வருந்துகிறோம்' என்று எழுதப் பலர் பயப்படுகிறார்கள். ஒருவர் பட்ட கஷ்டத்துக்கு வருந்துவது வேறு, அதற்குக் காரணம் நாம்தான் என்பது வேறு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2006-ல் வந்த சட்டம், மன்னிப்புக் கேட்பதையே தவறை ஒப்புக்கொண்டதாக எடுக்கக் கூடாது என்கிறது. எல்லா இடத்திலும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் கஷ்டத்துக்கு வருந்துங்கள், காரணத்தைத் தீர்ப்பாக எழுதாதீர்கள்.

'பொருத்தியது எங்கள் டெக்னீஷியன்தான்' என்ற வரியை யாரும் வெட்ட வேண்டாம். அது நடந்த விஷயம். நடந்ததை மறைப்பது பாதுகாப்பு ஆகாது, பொய் ஆகும். 'கவனக்குறைவு', 'எங்கள் தவறு' என்பவைதான் விசாரித்த பிறகு வர வேண்டிய சொற்கள்.

வாக்குக் கொடுப்பது நம் கையில் இருப்பதற்கு மட்டும்: வருகை, நகல், போன். பணம் நம் கையில் இல்லை. புதன் மாலை போன் போகாவிட்டால் மேலே எழுதிய அத்தனையும் வீண்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் போன் செய்து எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அப்புறம் உடனே மேற்பார்வையாளரிடமும் சட்டப் பிரிவிடமும் சொல்லுங்கள்.