14ஆம் தேதி குடிவருகிறோம்: லாரி நேரம், லிஃப்ட் ஒதுக்கீடு பற்றி – பி பிளாக் 403

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பி பிளாக் 403ஆம் எண் வீட்டுக்கு வாடகைக்கு வருகிறோம். நான், என் மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், அப்புறம் என் அப்பா. வருகிற 14ஆம் தேதி சனிக்கிழமை சாமான்களோடு வந்து சேருவதாக ஏற்பாடு. ஒப்பந்த நகல், அடையாளச் சான்று, வீட்டு ஓனரின் கடிதம் எல்லாவற்றையும் போன ஞாயிற்றுக்கிழமையே அசோசியேஷன் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். லிஃப்ட் விஷயத்தை மட்டும் உங்களுக்கு எழுத்தில் கேட்டுவிடச் சொன்னார்கள். எனக்கும் அதுதான் நல்லதாகப் படுகிறது. அன்றைக்கு டியூட்டியில் யார் இருந்தாலும் காட்டுவதற்கு ஒரு பதில் கையில் இருக்கும்.

நான் கேட்பது இதுதான். சனிக்கிழமை காலை 10.30 முதல் மதியம் 1.30 வரை பி பிளாக்கின் இரண்டு லிஃப்டில் பெரியதை எங்களுக்கு ஒதுக்கித் தர முடியுமா? அதே நேரத்தில் லாரி உள்ளே வந்து பி பிளாக் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கலாமா?

இந்த நேரம் பற்றி எனக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. கேட் பக்கத்து அறிவிப்புப் பலகையில், சாமான் ஏற்றி இறக்க காலை 10 முதல் மாலை 5 வரை அனுமதி, ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று எழுதியிருக்கிறது. ஆனால் அன்று கேட்டில் இருந்த செக்யூரிட்டி, "சனிக்கிழமைன்னா ஒரு மணிக்கே நிறுத்திடுவோம் சார்" என்றார். எது சரி என்று சொல்லிவிட்டால் அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்கிறேன். ஒரு மணிதான் என்றால், பழைய வீட்டில் ஏற்றும் வேலையை ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கச் சொல்லி, இங்கே 10 மணிக்கே லாரியைக் கொண்டுவந்துவிடுவேன். அதற்கு லாரிக்காரரிடம் இந்தப் புதன்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அதனால் மற்றதற்குப் பிறகு பதில் சொன்னாலும், இதை மட்டும் புதன்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

லாரி 14 அடி, பின்பக்கம் மூடிய பெட்டி வண்டி. உயரம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்கிறார் டிரைவர். உங்கள் நுழைவாயில் வளைவில் 3.2 மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். உள்ளே வரும்போது பாரத்தில் வண்டி அமுங்கியிருக்கும், தட்டாது. ஆனால் சாமானை இறக்கிய பிறகு ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து வண்டி சில விரற்கடை உயர்ந்துவிடும். வெளியே போகும்போதுதான் பார்க்க வேண்டும். இதற்கு முன் இந்த அளவு வண்டி வந்து போயிருக்கிறதா என்று செக்யூரிட்டியிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? வளைவுக்குக் கீழே சாலையைப் புதிதாக மேடாக்கியிருந்தால், எழுதியிருக்கும் அளவும் இப்போது சரியாக இருக்காது. சந்தேகம் என்றால் வெள்ளிக்கிழமை மாலை நானே டேப்போடு வந்து அளந்துகொள்கிறேன். வளைவில் கீறல் விழுந்து, அதுவே எங்களைப் பற்றி எல்லோருக்கும் முதலில் தெரிகிற விஷயமாகிவிடக் கூடாது.

நிறுத்தும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. பேஸ்மென்ட் பேச்சுக்கே இடமில்லை, அங்கே உயரம் 2.2 மீட்டர்தான். பி பிளாக் சாய்தளத்துக்கு எதிரே மஞ்சள் கோடு போட்ட பட்டை ஒன்று இருக்கிறதே, அது தீயணைப்பு வண்டிக்கான வழி என்று நினைக்கிறேன். அதில் லாரியை நிறுத்த மாட்டோம். அதற்கு இந்தப் பக்கம், விருந்தினர் பார்க்கிங்கில் அடுத்தடுத்த இரண்டு இடங்களை அந்த மூன்று மணி நேரம் காலியாக வைத்துக் கொடுத்தால் போதும். வெள்ளி இரவே அங்கே தடுப்புக் கம்பம் வைத்துவிடும்படி செக்யூரிட்டியிடம் சொல்லிவிடுவீர்களா? காலையில் ஒருவர் காரை நிறுத்திவிட்டுப் போய்விட்டால், அவரைத் தேடிப்பிடிப்பதிலேயே அரைமணி போய்விடும்.

இனி லிஃப்ட். வீடு பார்க்க வந்தபோதே அளந்துகொண்டேன்: கதவு அகலம் 80 செ.மீ., உயரம் 2 மீட்டர், உள்ளே 130க்கு 110. தகட்டில் 8 பேர், 544 கிலோ என்று இருக்கிறது. எங்களிடம் பெரிய பெட்டிகள் 45 வரை வரும். ஓர் ஆளோடு ஐந்தாறு பெட்டி என்றால் எட்டு ஒன்பது தடவை. ஃபிரிஜ், வாஷிங் மெஷின், மேசை, மெத்தைகள், கட்டில் சட்டங்கள் தனித்தனியாகப் போக வேண்டும். மொத்தம் இருபது, இருபத்தைந்து தடவை என்று வையுங்கள். ஏற்றி இறக்க ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் எடுத்தாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்பது தடங்கல் வந்தால் சமாளிக்கத்தான். முன்னதாக முடிந்தால் உடனே லிஃப்டை விட்டுவிடுவோம்.

ஒதுக்கும்போது, அந்த லிஃப்டைச் சாவி போட்டு இயக்கும் முறைக்கு மாற்றித் தர முடியுமா? உள்ளே பொத்தான் பலகைக்குக் கீழே சாவித் துளை இருப்பதைப் பார்த்தேன். அப்படி மாற்றினால் ஒவ்வொரு மாடியிலும் நிற்காது, கதவும் நாம் சொல்லும் வரை திறந்தே இருக்கும். இல்லாவிட்டால் சாமான் தூக்கும் ஆட்கள் கதவுக்கு நடுவில் ஒரு பெட்டியை முட்டுக்கொடுத்து வைத்துவிடுவார்கள். கதவு மூடமூட முயன்று பெட்டியில் இடித்து இடித்துத் திரும்பும். கடைசியில் லிஃப்ட் பழுதாகி நின்றுவிடும். அதை நான் அனுமதிக்க மாட்டேன் என்று ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன். சாவியை எங்களிடம் கொடுக்க வேண்டாம், உங்கள் ஆள் ஒருவர் கூட இருந்தால் போதும்.

லிஃப்டின் மூன்று சுவரிலும் கனமான போர்வை தொங்கவிட்டு, தரையில் பிளைவுட் விரித்துவிடுவோம். போர்வை மாட்ட உள்ளே கொக்கி இருக்கிறதா, இல்லை டேப் ஒட்டித்தான் ஆக வேண்டுமா? ஸ்டீல் சுவரில் டேப் பசை ஒட்டிக்கொள்ளும் என்பதால் கேட்கிறேன். தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் செக்யூரிட்டியை வைத்துக்கொண்டு லிஃப்டையும் நான்காம் மாடி நடையையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன். டெபாசிட் கட்ட வேண்டுமானால் எவ்வளவு, எப்படி என்று சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிடுகிறேன்.

ஒரே ஒரு சாமான் லிஃப்டில் போகாது. அம்மா வைத்திருந்த மர பீரோ, ஏழடி உயரம். கழற்ற முடியாத பழைய வேலைப்பாடு. ஆணியே இல்லாமல் பொருத்துப் போட்டுச் செய்தது. அதைப் படிக்கட்டு வழியாக நான்கு பேர் தூக்கி வருவார்கள். திருப்பங்களில் கைப்பிடிக் கம்பியில் படாமல் இருக்க, பீரோவின் நான்கு மூலைக்கும் கம்பளி சுற்றிவிடுவோம். முதலிலேயே அதைத்தான் ஏற்றப்போகிறோம், பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. முதல் மாடித் திருப்பத்தில் இரண்டு சைக்கிளும் ஒரு செடித் தொட்டியும் பார்த்தேன். அந்த வீட்டுக்காரர்களிடம் நானே போய்க் கேட்டு அன்று காலை மட்டும் நகர்த்தி வைத்துக்கொள்ளட்டுமா, இல்லை நீங்கள் சொல்வதுதான் முறையா?

அடுத்தது அப்பாவைப் பற்றி. எனக்கு மிகவும் முக்கியமானது இதுதான். அவருக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை நடந்து ஆறு வாரம் ஆகிறது. படி ஏறக் கூடாது. தலைப்பக்கத்தை மோட்டாரில் தூக்கி இறக்கும் கட்டிலில்தான் படுக்க முடியும். அந்தக் கட்டில் லாரியில்தான் வருகிறது. அதை மேலே கொண்டுபோய்ப் பூட்டி, மின்சாரம் கொடுத்துப் பார்த்த பிறகுதான் அவரை அழைத்து வருவோம். மாலை 4 மணி வாக்கில் சக்கர நாற்காலியோடு காரில் வருவார். கார் சாய்தளம் வரை வரலாமா? அந்த நேரத்தில் இரண்டு லிஃப்டில் ஒன்றாவது கட்டாயம் ஓட வேண்டும். லிஃப்ட் கம்பெனியின் மாதாந்திரப் பராமரிப்பு 14ஆம் தேதி வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் எந்த லிஃப்ட் ஓடும் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

இவ்வளவு விவரமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு குடியிருப்புக்கு மாறியபோது லிஃப்டைக் காலை 10 முதல் 1 வரை எடுத்திருந்தோம். வழியில் டயர் வெடித்து, லாரி வந்து சேரும்போது மணி 12.40. ஒரு மணிக்கு லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். வாசலில் இருந்தவர் நல்லவர்தான். ஆனால் யாரைக் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. சாமான்கள் நடைபாதையில் இறங்கின. மூன்று மணிக்கு மழை பிடித்தது. என் மகள் தன் புத்தகப் பெட்டியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு நனைந்தாள். அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரோரமாக ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தார். அன்று அவர் நடக்கக்கூடிய நிலையில் இருந்தார். இன்று இல்லை.

ஆகவே லாரி தாமதமானால் என்ன செய்யலாம் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ள விரும்புகிறேன். 11.30க்குள் லாரி வராது என்று தெரிந்தால் உடனே உங்களுக்குப் போன் செய்வேன். நீங்கள் கிடைக்காவிட்டால் கமிட்டியில் வேறு யாரிடம் பேசலாம்? ஒதுக்கிய நேரம் தாண்டிவிட்டால், ஃபிரிஜ், கட்டில் இரண்டை மட்டுமாவது அன்றே மேலே ஏற்ற அனுமதி கிடைக்குமா? மீதிப் பெட்டிகளை வைக்க, மூடி போட்ட ஓர் இடம் ஓர் இரவுக்குக் கிடைத்தாலும் பெரிய உதவி.

நாங்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பி பிளாக்கில் யாருக்காவது மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தாலோ, முதியவர்கள் சிறிய லிஃப்டில் நெருக்கப்பட்டாலோ, எங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பெரிய லிஃப்டை உடனே கொடுத்துவிடுவோம். இதை நோட்டீஸ் போர்டில் போட்டாலும் சரி. எங்கள் வீட்டு எண்ணையும் சேர்த்தே போடுங்கள், தேவைப்படுகிறவர்கள் நேராக வந்து சொல்லட்டும்.

என் போன் நம்பர் அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் எப்போது அழைத்தாலும் எடுப்பேன். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

நன்றியுடன்,
பி பிளாக் 403க்குக் குடிவரும் வாடகைதாரர்

பின்குறிப்பு: பிரித்த அட்டைப் பெட்டிகள் நிறைய சேரும். குப்பை வண்டி சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருகிறது? அதற்குள் முடியாவிட்டால் திங்கள் வரை எங்கள் பால்கனியிலேயே கட்டி வைத்துக்கொள்கிறோம், நடையில் போட மாட்டோம்.