ஒரே பராமரிப்புக் குழுவாக முதல் நாள்

அனைவருக்கும் வணக்கம், வாருங்கள். இன்று முதல் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பராமரிப்புக் குழுக்கள் ஒன்றாகின்றன. யாருடைய வேலையும் போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. அந்தக் கவலையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

முதலில் உயிர். இயந்திரத்தில் கை வைக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, அவரவர் பூட்டை அவரவரே போட வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு, மூன்று பெயர் அட்டை. சாவி உங்கள் பையில் இருக்கட்டும். மின்சாரம் இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். உற்பத்திப் பிரிவு எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர்களுக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு.

பம்ப் நின்றால் மோட்டார் கோளாறா, பேரிங் கோளாறா என்ற பழைய வாக்குவாதம் இனி வேண்டாம். புகாரை எடுத்தவரே இயந்திரம் ஓடும்வரை பொறுப்பு. அவர் அழைத்தால் மற்றவர் போக வேண்டும். மின்பலகையைத் திறப்பது மட்டும் அதற்கான சான்றிதழ் உள்ளவர்களின் வேலை.

பதிவேடு இனி ஒன்றுதான். ஷிஃப்ட் மாறும்போது பாதியில் நிற்கும் வேலையை எழுதிவைத்தால் போதாது, அடுத்து வருபவரிடம் நேரில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். தவறு நடந்தால் அன்றே என்னிடம் சொல்லுங்கள், எல்லோர் முன்னாலும் யாரையும் திட்ட மாட்டேன்.

இரண்டு ஸ்டோர் அறைகளின் உதிரிப் பொருட்களையும் வெள்ளிக்கிழமை சேர்த்து எண்ணுவோம். இருவர் இருவராக வாருங்கள், மெக்கானிக்கலில் ஒருவர், எலக்ட்ரிக்கலில் ஒருவர்.