தர்ஷிக்கு ஒரு கடிதம்

திருகோணமலை
12.03.2026

அன்பு தர்ஷி,

உன் வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன். நீ விரும்புகிற பெடியனோடு கலியாணம் "நடக்கும் எண்டு மட்டும் சொல்லு" என்கிறாய். உன் சாதகத்தைப் பார்த்து அப்படி வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. நடக்காது என்றும் சொல்லமாட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழத் தொடங்குவாய், அதுதான் எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைச் சரிபார்த்தேன். நீ பிறந்த 1997இல் நாட்டின் மணிக்கூடு அரை மணித்தியாலம் முன்னால் ஓடியது, 2006இல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அதைக் கழித்துப் பார்த்தும் மீன லக்னம் மாறவில்லை.

மகரத்தில் இருக்கிற குரு உன் ஐந்தாம் வீட்டையும் பார்க்கிறார், ஏழாம் வீட்டையும் பார்க்கிறார். ஐந்து காதல், ஏழு கலியாணம். அவன் உன்னில் வைத்த அன்பு பொய்யில்லை என்று நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அந்தக் குரு நீசம். மனம் இருக்கும், கையில் பலம் இருக்காது என்பார் எனக்குச் சாத்திரம் சொல்லித்தந்த பெரியப்பா. அதே ஏழாம் வீட்டை லக்னத்தில் இருக்கிற சனியும் நேரே பார்க்கிறது, ராகு வேறு அங்கேயே இருக்கிறது. ராகு என்றதும் பயப்படாதே. தூரத்து ஆள், வேறு சமயம் என்றெல்லாம் சொல்வார்கள். டோஹாவில் வேலை செய்கிற வேதக்காரப் பெடியனுக்கு அது பொருத்தம்தானே!

மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் குரு கடகத்துக்கு வந்து உச்சமாகிறார். அது உன் ஐந்தாம் வீடு. யூடியூப் சாத்திரிமார் மீன லக்னத்துக்குக் கலியாண யோகம் என்று கத்துவார்கள், பார். ஆனால் அங்கிருந்து குரு பார்ப்பது உன் லக்னத்தை. ஏழாம் வீட்டில் அவர் பார்வை விழாது. அங்கே விழுவது இப்போது மீனத்தில் நிற்கிற சனியின் பார்வை, அது 2027 நடுப்பகுதி வரைக்கும் போகும். அவன் லீவில் வந்தால் இரண்டு பேரும் மனம் விட்டுக் கதைப்பீர்கள், உனக்கும் ஒரு தெளிவு வரும். கலியாண முடிவு மட்டும் இழுபடலாம். அவன் தன் அம்மாவிடம் வாய் திறப்பானா என்பதை உன் கட்டத்தில் நான் எங்கே தேடுவது?

கண்டிக்கு வந்த ட்ரான்ஸ்பரை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாயே, அதை என் பேச்சை நம்பிச் செய்யாதே. சனி பார்க்கிற காலத்தில் உன் கையில் சம்பளமும் வேலையும் இருக்க வேண்டும்.

பத்திரகாளி அம்மன் கோயிலில் நேர்த்தி வைக்கிறாய் என்றால் வை, நானும் கூட வருகிறேன். அப்புறம் அவனுக்குக் கோல் எடுத்து, அம்மாவிடம் எப்போது கதைப்பாய், திகதி சொல் என்று கேள். அவன் பிறந்த நேரத்தையும் கேட்டு அனுப்பு. அவர்கள் வீட்டில் குறித்து வைத்திருந்தால் அதிசயம்தான், ஞானஸ்நானத் துண்டில் நேரம் போடமாட்டார்களே.

அன்புடன்,
சுகி